எவ்வளவு வரும் என்று கேட்டால்

"மலர் ஒண்டு செய்யவேணும் தம்பி. எவ்வளவு வரும்?"

எங்களுக்கு வருகிற போன் அழைப்புகளில் பாதி இப்படித்தான் தொடங்கும். பாடசாலையின் நூற்றாண்டு, கோயில் கும்பாபிஷேகம், சனசமூக நிலையத்தின் பவளவிழா என்று யாழ்ப்பாணத்தில் மலர் வெளியிடுவதற்குக் காரணங்களுக்குக் குறைவில்லை. நாங்கள் மூன்று பேர், ஒரு வீட்டு முன் அறையில் இருந்து பக்க வடிவமைப்புச் செய்கிறோம். முந்தி நாலு பேர். அந்த நாலு எப்படி மூன்றானது என்பதும் இந்தக் கதைக்குள் வரும்.

"எவ்வளவு வரும்" என்ற கேள்விக்கு நாங்கள் அந்தக் காலத்தில் உடனே பதில் சொல்லிவிடுவோம். எத்தனை பக்கம் வரும் சேர் என்று கேட்போம். ஒரு நூற்றைம்பது என்பார்கள். மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு ஒரு தொகையைச் சொல்லுவோம். உடனே சொன்னால்தான் தொழில் தெரிந்தவர்கள் மாதிரி இருக்கும் என்று நினைத்தோம். யோசித்துச் சொல்கிறோம் என்றால் வேறு ஆளிடம் போய்விடுவார்கள் என்ற பயமும் இருந்தது.

அப்படித்தான் ஒரு பழைய மாணவர் சங்கத்தின் மலருக்கு நாற்பத்தையாயிரம் ரூபாய் என்று போனிலேயே சொன்னோம். பேச்சு முழுவதும் நாலு நிமிசம் இருக்கும். அட்வான்ஸ் பதினையாயிரம் வந்தது. ஆறு கிழமையில் முடித்துவிடலாம் என்று நினைத்த வேலை ஏழு மாதம் போனது.

யாரும் ஏமாற்றவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்தச் சங்கத்து ஆக்கள் நல்ல ஆக்கள், கடைசிக் காசையும் தந்துதான் முடித்தார்கள். நடந்தது வேறு. மலர் என்ற ஒரே சொல்லை அவர்கள் ஒரு மாதிரியும் நாங்கள் ஒரு மாதிரியும் விளங்கிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு மலர் என்றால் டைப் செய்த கட்டுரைகளையும் படங்களையும் பக்கத்தில் அடுக்கி அச்சகத்துக்குப் பிடிஎஃப் கொடுப்பது. அவர்களுக்கு மலர் என்றால் விழா மேடையில் கையில் பிடிக்கிற புத்தகம். அது வரைக்குமான எல்லாமே அந்தத் தொகைக்குள் இருக்கிறது என்று அவர்கள் நினைத்தார்கள். அவர்கள் அப்படி நினைத்ததிலும் பிழையில்லை, ஏனென்றால் இல்லை என்று நாங்கள் எங்கேயும் சொல்லவில்லை.

முதலில் கையெழுத்துப் பிரதிகள் வந்தன. பதினொரு கட்டுரை, கொப்பித் தாளில். டைப் செய்தோம். பிறகு கட்டுரைகள் பாமினி எழுத்துருவில் வந்தன. பாமினியில் "தமிழ்" என்ற சொல் கணினிக்கு உள்ளே `jkpo;` என்றுதான் கிடக்கும். அதை யூனிகோடுக்கு மாற்றினால் இடையில் வருகிற ஆங்கிலப் பெயர்களும் சேர்ந்து மாறி, ஒரு பட்டத்தின் பெயர் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துக் கூட்டமாக நிற்கும். அவற்றைத் தேடித் தேடித் திருத்தினோம். பிறகு படங்கள் வந்தன. சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டத்தைப் போனில் எடுத்து, வட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள். 1960களின் கிரிக்கெட் அணிக்கு நடுவில் படம் எடுத்தவரின் நிழலும் ஒரு டியூப் லைட்டும் நின்றன. அதையும் அழித்தோம்.

பிறகு விளம்பரங்கள். இதை நாங்கள் கனவிலும் எண்ணவில்லை. மலருக்குக் காசு சேர்ப்பதே விளம்பரத்தில்தான். நகைக்கடை, புடவைக்கடை, கனடாவில் இருக்கிற வீடு விற்பனை முகவர் என்று இருபத்து மூன்று விளம்பரம் வந்தது. வந்தது என்றால், கடைப் பெயரும் போன் நம்பரும் "நல்ல வடிவாய்ப் போட்டு விடுங்கோ" என்ற ஒரு வசனமும் வந்தது. இருபத்து மூன்றையும் நாங்கள்தான் வரைந்தோம். அதில் அரைப்பக்கம் காசு கட்டினவர், தன்னுடைய படத்தை ஏன் சின்னதாகப் போட்டீர்கள் என்று எங்களுக்கே போன் எடுத்தார்.

பதினொரு முறை புரூவ் கொடுத்தோம். ஏழாவது புரூவில் ஒரு கட்டுரையாளர் தன் கட்டுரையையே திருப்பி எழுதி அனுப்பினார். ஒன்பதாவதில் வாழ்த்துச் செய்திகளின் வரிசை மாறியது. யாருடைய செய்தி யாருடையதுக்கு முன்னால் வரவேண்டும் என்பது ஒரு சின்ன யுத்தம், அதற்குள் போக விரும்பவில்லை. வரிசை மாறினால் பக்க எண் மாறும், பக்க எண் மாறினால் பொருளடக்கம் மாறும். கடைசியில் புத்தகம் 232 பக்கத்தில் வந்து நின்றது.

முடிந்த பிறகு எங்களில் ஒருத்தி கணக்குப் பார்த்தாள். திருத்தங்கள் முழுவதையும் தலையில் எடுத்துச் செய்தவள் அவள்தான். இரவிரவாக இருந்த நேரமெல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 210 மணித்தியாலம். 45,000 ரூபாயை 210ஆல் பிரித்தால் மணிக்கு 214 ரூபாய். அதை நாலு பேர் பங்கிட வேண்டும். அவள் அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டு, "எனக்கு வேலை பிழையில்லை, எப்ப முடியும் எண்டு தெரியாமல் இருந்ததுதான் ஏலாமப் போச்சு" என்றாள். அடுத்த மாதம் வேறு வேலைக்குப் போனாள். இப்போதும் நட்புத்தான், ஆனால் எங்களோடு வேலை செய்வதில்லை.

அவள் சொன்னதை நாங்கள் கனநாள் யோசித்தோம். விலை குறைவு என்பது எங்களுக்குத் தெரிந்த பிரச்சினை. விலையைக் கூட்டிச் சொல்லியிருந்தாலும் ஒன்பதாவது புரூவ் வந்துதான் இருக்கும். எங்கே நிறுத்துவது என்று எந்த இடத்திலும் எழுதியிருக்கவில்லை. நிறுத்தும் இடம் தெரியாத வேலைக்கு விலை எப்படிச் சொல்வது? அறுபதாயிரம் என்றாலும் எண்பதாயிரம் என்றாலும் அது குருட்டடிதான்.

அதற்குப் பிறகுதான் கொட்டேஷனுக்கு முன்னால் ஒரு தாள் எழுதத் தொடங்கினோம். முதல் தாள் பெரிய பகிடி. இணையத்தில் இருந்து ஒரு ஆங்கில மாதிரியை எடுத்து, பெயர்களை மட்டும் மாற்றி, நாலு பக்கத்தில் அச்சடித்துக் கொண்டுபோனோம். அந்த ஐயா கண்ணாடியைப் போட்டு முதல் பக்கத்தைப் பார்த்தார். கடைசிப் பக்கத்துக்குப் போனார். "எங்க தம்பி கையெழுத்து?" என்றார். வாசிக்கவே இல்லை. வாசிக்காத தாளில் கையெழுத்து வாங்கி என்ன செய்வது? பிரச்சினை வரும்போது அதை எடுத்துக் காட்டினால் சண்டைதான் வரும். எங்களுக்கு வேண்டியது பிரச்சினை வரமுதல் இரண்டு பேரும் ஒரே படத்தைப் பார்ப்பது. அதற்கு அவர் வாசிக்க வேண்டும். வாசிக்க வேண்டுமென்றால் அது தமிழில் இருக்க வேண்டும், ஒரு பக்கத்தில் முடிய வேண்டும், எழுத்து பெரிதாக இருக்க வேண்டும்.

இப்போது எங்கட தாளில் நாலு தலைப்பு இருக்கிறது. நாங்கள் தருவது. நீங்கள் தருவது. இதில் அடங்காதது. முடிந்தது என்று எப்போது சொல்லலாம். விலை அந்தத் தாளில் இருக்காது. விலை இருந்தால் எல்லாருடைய கண்ணும் அதற்குத்தான் போகும், மற்றதை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். தாளைப் பற்றிக் கதைத்து முடித்து, அதில் வெட்டிக் கொத்தி, பிறகு வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டு, அடுத்த நாள்தான் கொட்டேஷன்.

போன வருடம் ஒரு சனசமூக நிலையத்தின் பவளவிழா மலருக்கு எழுதிய தாளைச் சொல்கிறோம். மலர்க்குழுச் செயலாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். போனில் வழமைபோல "எவ்வளவு வரும்?" என்றுதான் தொடங்கினார். "சேர், ஒருக்கா வந்து கட்டுரைகளைப் பாத்திட்டுச் சொல்லுறம்" என்றோம். "பாக்கிறதுக்கு என்ன இருக்கு, வழமையான மலர்தானே" என்றார். போனோம்.

அன்றைக்கு இரண்டு மணித்தியாலம் அந்த நிலையத்தின் வாசிகசாலை மேசையில் இருந்து எண்ணினோம். கட்டுரைகள் 31. அதில் டைப் செய்தவை 24, கையெழுத்து 7. டைப் செய்தவற்றில் 15 பாமினி. படங்கள் எழுபது வரை, பாதி ஆல்பத்தில், பாதி யாரோ ஒருவருடைய போனில். விளம்பரம் இதுவரை 9, இன்னும் வரும். எண்ணாமல் எழுதினால் அது பேருக்கு ஒரு தாள்தான். "கட்டுரைகளை வடிவமைத்தல்" என்று எழுதுவதற்கும் "31 கட்டுரைகளை வடிவமைத்தல்" என்று எழுதுவதற்கும் இடையில்தான் முப்பத்தைந்தாவது கட்டுரை வந்து நிற்கும்.

நாங்கள் தருவது என்ற தலைப்பின் கீழே மூன்று பொருட்களை எழுதினோம். ஏ4 அளவில் 128 பக்கம் வரைக்குமான உள்பக்கங்களின் அச்சுப் பிடிஎஃப். முன் அட்டை, பின் அட்டை, முதுகு மூன்றும் சேர்ந்த ஒரு அட்டைப் பிடிஎஃப். வட்ஸ்அப்பில் அனுப்பக்கூடிய ஒரு சின்னப் பிடிஎஃப். கோப்பாகக் கையில் கொடுக்கக்கூடியதை மட்டும்தான் இங்கே எழுதுவோம். "அழகான வடிவமைப்பு", "முழு ஒத்துழைப்பு" எல்லாம் இதில் வராது, அவற்றைக் கொடுத்து முடித்தோமா என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

128 என்ற எண் சும்மா வந்ததில்லை. அச்சகத்தில் பெரிய தாளில் எட்டு அல்லது பதினாறு பக்கங்களாக அடித்துத்தான் மடிப்பார்கள். 128 என்பது எட்டுப் பதினாறு. 131 பக்கம் வந்தால் 136க்குப் போக வேண்டும், மிச்சம் ஐந்து பக்கத்துக்கும் ஏதாவது தேட வேண்டும். பக்க எண்ணிக்கை முடிவாகும் வரை முதுகின் அகலமும் தெரியாது, ஆகவே அட்டையையும் முடிக்க முடியாது. இதை செயலாளருக்குச் சொன்னபோது அவர் கொஞ்சம் நிமிர்ந்து இருந்தார். "அப்ப கட்டுரைக்கு ஒரு அளவு வைக்கவேணும் போல" என்றார். ஓம் சேர், அதைத்தான் சொல்லுறம் என்றோம்.

நீங்கள் தருவது என்ற தலைப்பை நிறையப் பேர் எழுதுவதில்லை. வேலை பிந்துவதற்குப் பெரும்பாலும் காரணம் பொருள் வராததுதான், அதனால் எங்களுக்கு அது முக்கியம். ஒவ்வொரு கட்டுரையும் ஒரே ஒரு கோப்பாக, இறுதி வடிவில். படங்கள் ஆல்பத்தில் இருந்தால் ஆல்பத்தையே தரவேண்டும், நாங்கள் ஸ்கேன் செய்வோம். போனில் இருந்தால் வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டொக்கியுமென்டாக அனுப்ப வேண்டும். படமாக அனுப்பினால் வட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், சாதாரணமாக நீளப்பக்கம் 1600 புள்ளி அளவில்தான் வந்து சேரும். அச்சுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று பார்த்தால் அது பதின்மூன்றரை சென்ரிமீற்றர். ஏ4 தாளின் அகலம் 21. அறுபது பேர் நிற்கிற குழுப்படத்தை அதில் முழுப்பக்கத்துக்கு இழுத்தால் ஒருவருடைய முகமும் தெரியாது, அந்த அறுபது பேரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தேடப்போவது அந்த முகங்களைத்தான்.

எல்லாப் பொருளும் வந்து சேர்ந்த நாளில் இருந்துதான் எங்கட ஐந்து கிழமை தொடங்கும் என்று எழுதினோம். நாட்காட்டித் திகதி போடவில்லை. முந்தின மலரில் திகதி போட்டிருந்தோம், கட்டுரைகள் இரண்டு மாதம் பிந்தி வந்தன, பிந்தினது நாங்கள் என்று பேர் வந்தது.

பிறகு அடங்காதது. இந்தத் தலைப்பை எழுதும்போதுதான் கை கூசும். ஊர் ஆக்களுக்கு, அதுவும் வயதில் மூத்தவருக்கு முன்னால், இது செய்யமாட்டோம் அது செய்யமாட்டோம் என்று ஒரு பட்டியலை நீட்டுவது மரியாதைக் குறைவு போல இருக்கும். எங்களில் ஒருவனுக்கு இன்றைக்கும் அந்தக் கூச்சம் போகவில்லை. நாங்கள் கண்டுபிடித்த வழி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "அப்ப அது எப்படி நடக்கும்" என்பதையும் எழுதுவது. கையெழுத்துப் பிரதியை டைப் செய்வது இதில் அடங்காது, வேண்டுமென்றால் பக்கத்துக்கு இவ்வளவு, அல்லது உங்கட இளைஞர்கள் யாராவது செய்து தரலாம். விளம்பரம் வரைவது அடங்காது, அச்சுக்குத் தயாரான கோப்பாகத் தந்தால் காசில்லாமல் போடுவோம், வரைய வேண்டுமென்றால் ஒன்றுக்கு இவ்வளவு. பழைய படங்களில் கீறல் கறை எடுப்பது அடங்காது, மிக முக்கியமான ஐந்து படங்களை நீங்கள் தெரிவு செய்தால் அவற்றுக்குத் தனியாகச் சொல்லுவோம். அச்சுக்கூலியும் அச்சகத்தோடு விலை பேசுவதும் அடங்காது.

எழுத்துப்பிழை பார்ப்பதும் அடங்காது. இதில்தான் செயலாளர் நிறுத்தினார். "அதென்ன பிள்ளையள், நீங்கள் டைப் பண்ணுறதில பிழை வந்தா?"

நல்ல கேள்வி. அந்தக் கேள்விக்காகத்தான் தாளே. பாமினியில் இருந்து மாற்றும்போது வருகிற பிழை எங்கட பிழை, அதை நாங்கள்தான் திருத்த வேண்டும். கட்டுரையாளர் "ற" போட வேண்டிய இடத்தில் "ர" போட்டிருந்தால் அது அவருடைய எழுத்து. அதைத் தேடிப் பிடிப்பது மெய்ப்புப் பார்ப்பவரின் வேலை, அதற்குத் தனிக் கண் வேண்டும். அந்த மேசையில் வைத்தே பேனையால் ஒரு வசனம் எழுதினோம். நீங்கள் தந்த பிரதியில் இருந்து எங்கட பக்கம் வேறுபட்டால் அது திருத்தம், எத்தனை முறையும் காசில்லாமல் செய்வோம். நீங்கள் தந்த பிரதியில் இருந்து நீங்களே வேறுபட்டால் அது மாற்றம், இரண்டு சுற்றுக்கு மட்டும் அடங்கும்.

செயலாளர் அதை இரண்டுதரம் வாசித்தார். சிரித்தார். "இது நல்லாயிருக்கு. எங்கட ஆக்களுக்கு இதை நானே வாசிச்சுக் காட்டுறன்" என்றார். எங்கட தாளில் அன்றைக்கு இருந்து இன்றைக்கு வரைக்கும் மாறாமல் இருக்கிற ஒரே வசனம் அதுதான்.

வாழ்த்துச் செய்திகளின் வரிசையையும் அடங்காததில் போட்டோம். வரிசையை மலர்க்குழு எழுத்தில் தரவேண்டும், நாங்கள் முடிவெடுக்கமாட்டோம். அதை வாசித்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை, பெருமூச்சு விட்டார்.

கடைசித் தலைப்பு, முடிந்தது என்று எப்போது சொல்லலாம். முந்தின காலத்தில் கேட்டிருந்தால் "உங்களுக்குத் திருப்தியாக இருக்கும்போது" என்றுதான் எழுதியிருப்போம். பணிவாக இருக்கிறது, ஆனால் அது முடிவில்லாத வேலைக்குப் போடுகிற கையெழுத்து. ஒரு குழுவில் பதினொரு பேர் இருந்தால் பதினொரு திருப்தி. ஆகவே யார் பார்த்தாலும் ஓம் அல்லது இல்லை என்று மட்டும் பதில் வரக்கூடிய விசயங்களை எழுதினோம். ஒன்று, பட்டியலில் உள்ள எல்லாக் கட்டுரையும் தந்த வரிசையில் இருக்கிறது, பொருளடக்கத்துப் பக்க எண்கள் பொருந்துகின்றன. இரண்டு, கையெழுத்திட்ட இரண்டாவது புரூவில் பேனையால் குறித்த ஒவ்வொரு குறிப்பும் செய்யப்பட்டிருக்கிறது. மூன்று, அச்சகம் கோப்பைத் திறந்து பார்த்து எடுத்துக்கொள்கிறது. அதாவது எழுத்துருக்கள் உள்ளே பதிந்திருக்கின்றன, கொம்பு எழுத்தை விட்டு விலகிப் போய் நிற்கவில்லை, வெட்டுக்கு நாலு பக்கமும் 3 மில்லிமீற்றர் கூடுதலாக இருக்கிறது. இந்த மூன்றும் ஓம் என்றால் வேலை முடிந்தது, மிச்சக் காசு தரவேண்டும்.

ஓம் சொல்வது ஒரே ஒரு ஆள். அவர் செயலாளர். மற்றவர்களின் கருத்தெல்லாம் அவருடைய பேனையால்தான் வரவேண்டும், ஒரே புரூவில். இதை எழுதாவிட்டால் தலைவர் ஒரு நிறம் சொல்லுவார், பொருளாளர் இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் வேறு நிறம் சொல்லுவார்.

இந்த இடத்தில் எங்களுக்குள்ளேயே ஒரு வாக்குவாதம் வந்தது. ஆங்கில மாதிரிகளில் ஒரு வரி இருக்கும். இத்தனை நாளுக்குள் பதில் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும் என்று. எங்களில் ஒருவன் அதைப் போட வேண்டும் என்றான். மற்ற இரண்டு பேரும் வேண்டாம் என்றோம். ஒரு செயலியில் பிழை இருந்தால் பிறகு திருத்தலாம். ஐந்நூறு பிரதி அடித்த புத்தகத்தில் காலமான ஒருவரின் பெயர் பிழைத்தால், "நீங்கள் ஐந்து நாளில் பதில் சொல்லவில்லை" என்று யாரிடம் போய்ச் சொல்வது? அதனால் வேறு மாதிரி எழுதினோம். புரூவைத் திருப்பித் தர ஏழு நாள், அதற்கு மேல் எத்தனை நாள் பிந்துகிறதோ அத்தனை நாள் எங்கட முடிவுத் திகதியும் பிந்தும். விழாத் திகதி அவர்களுக்கு உயிர். ஆகவே இந்த வரி வேலை செய்தது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டோம். பாமினி மாற்றிச் சரிபார்க்க 8 மணித்தியாலம். விளம்பரமும் முன்பக்கங்களும் போக நூறு பக்கம், பக்கத்துக்குக் கால் மணி, 25. அட்டை 10. இரண்டு சுற்று மாற்றங்கள் 12. அச்சகத்துக்கு ஒருதரம் போய்வர 3. மொத்தம் 58. விளம்பரம் வைப்பது, கரண்ட் போவது, நாங்கள் எண்ணாமல் விட்டது எல்லாவற்றுக்கும் ஐந்தில் ஒன்று கூட்டி 70. மணிக்கு ஆயிரம் ரூபாய், எழுபதாயிரம். முந்தின மலருக்குச் சொன்னதை விடப் பக்கம் குறைவு, தொகை கூட. சொல்லும்போது பயமாகத்தான் இருந்தது. செயலாளர் ஏழு கையெழுத்துக் கட்டுரைகளைத் தானே டைப் செய்விப்பதாகச் சொன்னார், எழுபதாயிரத்துக்கு ஓம் என்றார். பேரம் பேசவில்லை. எதற்கு எவ்வளவு என்று அவருக்கும் தெரிந்திருந்தது, குறைக்க வேண்டுமென்றால் எதைக் குறைக்கலாம் என்றும் தெரிந்திருந்தது.

எல்லாம் தாளில் எழுதியபடி நடந்ததா என்றால் இல்லை. இரண்டாவது புரூவுக்குப் பிறகு தலைவர் நடுவில் பதினாறு கலர்ப் பக்கம் வேண்டும் என்றார். முந்தின நாங்களாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு செய்திருப்போம். இந்த முறை ஒரு வரி எழுதி அனுப்பினோம், பதினாறு பக்கத்துக்கு எங்கட கூலி இவ்வளவு, திகதி ஆறு நாள் தள்ளும், அச்சகக் கூலி எவ்வளவு கூடும் என்று அச்சகத்தில் கேட்க வேண்டும். அவர்கள் கூடிக் கதைத்து எட்டுப் பக்கம் போதும் என்றார்கள். சண்டை இல்லை. கோபம் கூட இல்லை. இன்னொரு கட்டுரை பக்கக் கணக்குக்குள் அடங்காமல் நாலு பக்கம் கூடியது. எதை வெட்டுவது என்று நாங்கள் முடிவெடுக்கவில்லை, அவர்கள் வெட்டினார்கள், அந்தக் கட்டுரையாளர் அவர்களோடு ஒரு கிழமை கதைக்கவில்லை.

நாங்கள் தாளில் விட்ட ஓட்டையும் இருந்தது. வடிவமைத்த மூலக் கோப்பு, அதாவது இன்டிசைன் கோப்பு, யாருக்கு என்று எழுதவில்லை. புத்தகம் வெளிவந்து மூன்று மாதத்துக்குப் பிறகு கேட்டார்கள். அது எங்களுடையது என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை, சும்மா கொடுத்தோம். இப்போது அடங்காததில் அதுவும் ஒரு வரி, பக்கத்தில் விலையோடு.

எல்லா வேலைக்கும் இந்தத் தாள் எழுதுவதில்லை. பிறந்தநாள் பேனருக்கோ ஆயிரத்தைந்நூறு ரூபாய் போஸ்டருக்கோ இரண்டு மணித்தியாலம் மினக்கெட்டு எண்ணினால் எங்களுக்கு விசர் என்றுதான் நினைப்பார்கள். அங்கே வட்ஸ்அப்பில் மூன்று வரி போதும், என்ன தருவோம், எத்தனை மாற்றம், எப்போது காசு. எண்ணவே முடியாத வேலைகளும் வரும். ஒரு குடும்பம் காலமான தகப்பனாரின் எழுத்துக்களைத் தொகுக்க வேண்டும் என்று மூன்று பெட்டி கொப்பிகளோடு வந்தது. அதற்கு முழு விலை சொல்லவில்லை. பெட்டிகளைத் திறந்து, என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதித் தருவதை மட்டும் முதல் வேலையாக எடுத்து, அதற்கு மட்டும் ஒரு தொகை சொன்னோம். அந்தப் பட்டியல் வந்த பிறகுதான் தாள்.

பவளவிழா மலரின் அந்தத் தாள் இன்னும் எங்கட அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. பேனை வெட்டுகள், தேநீர்க் கறை, எல்லாம் அதில் கிடக்கிறது. கையெழுத்துப் போட முதல் செயலாளர் பேனையை வாங்கி, அடங்காதது என்ற தலைப்பின் கடைசியில் தானாக ஒரு வரி சேர்த்தார். "கட்டுரைகளின் தலைப்பையோ வசனத்தையோ மலர்க்குழுவைக் கேளாமல் மாற்றுதல்."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பழைய மாணவர் மலரில் ஒரு தலைப்பு இரண்டு வரிக்குப் போகிறது என்று நாங்களாகவே சுருக்கியிருந்தோம், வெளியீட்டு விழாவில் அந்தக் கட்டுரையாளர் மேடையிலேயே அதைச் சொன்னார். அது இவருக்கு எப்படித் தெரியும் என்று நாங்கள் கேட்கவில்லை. அவர் அந்த வரிக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார். பேனையை எங்களிடம் நீட்டினார், நாங்களும் இட்டோம்.